பால் தீய்ந்தது தெரியவில்லை: மூக்கடைப்பா, நரம்புக் கோளாறா?

அல்சூர்க்காரி:
பால் பொங்கி அடிப்பிடித்துப் பாத்திரமே கறுத்துவிட்டது. பக்கத்து அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மாடியிலிருந்து மாமியார் ஓடிவந்து, "ஏம்மா, வீடே நாறுது, உனக்குத் தெரியலையா?" என்றார். உப்பு, புளிப்பு எல்லாம் நாக்குக்குத் தெரியும். ரசம் மட்டும் புளித்த வெந்நீர் மாதிரி இருக்கும்.

ஆனால் மனசில் நிற்பது அது இல்லை. ஒருநாள் நல்ல சூட்டில் குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு வந்தேன். அடுக்களையில் பெருங்காயம் பொரிகிற வாசனை அப்படியே ஏறியது! பத்து நிமிஷம்தான், போய்விட்டது. உட்கார்ந்து அழுதேன்.

ஈ.என்.டி. டாக்டர் முதலில் கேட்டதே, "எப்பவாவது வந்து வந்து போகிறதா?" என்றுதான். இதைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. வாசனை நரம்பு மூக்கின் உச்சியில், ரெண்டு கண்ணுக்கும் நடுவே ஒரு குறுகிய இடுக்கில் இருக்கிறதாம். கீழே மூச்சு தாராளமாகப் போகும், மேலே இடுக்கு மட்டும் வீங்கி அடைத்திருக்கும். வந்து போகிறதென்றால் நரம்பு உயிரோடு இருக்கிறது, வழிதான் அடைப்பு. குழாய் விட்டுப் பார்த்ததில் ரெண்டு பக்கமும் உரித்த திராட்சை மாதிரி பாலிப், அதாவது சதை வளர்ச்சி. சில நாளுக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். மூன்றாம் நாள் துவைத்த துணியின் சோப்பு வாசனை தெரிந்தது. மாத்திரை நின்று ரெண்டு வாரத்தில் மறுபடி மங்கல். அந்த மாத்திரையைத் தொடர்ந்து போட முடியாது. சர்க்கரை ஏறும், எலும்புக்கும் ஆகாது. இப்போது தினமும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே. ஒரு மாசம் தலையை அண்ணாந்து அடித்து எல்லாம் தொண்டைக்குத்தான் போயிருக்கிறது. குனிந்துகொண்டு, வலது கையால் இடது மூக்கில், காதுப் பக்கமாக அடிக்க வேண்டுமாம்.

மாகடி ரோடு மாமா:
இதற்கு டாக்டர் எதற்கு? கற்பூரத்தை மோந்து பாருங்கள். சுர்ரென்று ஏறினால் நரம்பு நன்றாக இருக்கிறது. எனக்கு மார்கழி முழுக்க மூக்கடைப்பு, தையில் தானாகவே சரியாகிவிடும்.

நிலா_வைட்ஃபீல்டு:
மாமா, அந்தக் கற்பூரத்தை நம்பித்தான் நான் ஏமாந்தேன். 2021-இல் கோவிட். மூக்கு துளிகூட அடைக்கவில்லை, சளியும் இல்லை, காலையில் காபிப்பொடி டப்பாவைத் திறந்தால் வெறும் காற்று. தைலமும் கற்பூரமும் "தெரிந்தது". அந்தக் குளிர்ச்சியும் எரிச்சலும் வேறொரு நரம்பு வழியாகப் போகிறது என்று அப்புறம்தான் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு காபிப்பொடியை மோந்து பாருங்கள், அதில் எரிச்சல் இல்லை.

எனக்கு வெந்நீரில் குளித்தாலும் மாற்றமில்லை, ஒரு நிமிஷம்கூட வந்து போகவில்லை. மூன்று மாசம் கழித்து வெங்காயம் வதக்கினால் ரப்பர் எரிகிற நாற்றம். பயந்துபோனேன். டாக்டரோ, நரம்பு புதிதாக முளைக்கும்போது இப்படிக் கோணலாக வரலாம் என்றார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் நாலையும் காலை மாலை, ஒவ்வொன்றும் இருபது விநாடி மோந்து பழகினேன். ஆறு மாசத்துக்கு மேல் ஆனது. முக்கால்வாசி திரும்பியது. மல்லிகைப்பூ இன்னும் இல்லை.

கோரமங்களா பேச்சிலர்:
எனக்குத் தூசி அலர்ஜி. மருந்துக்கடை சொட்டு மருந்து போட்டால் ரெண்டே நிமிஷத்தில் திறக்கும், ரெண்டு வருஷமாகப் போடுகிறேன். எல்லோரும் இதைச் செய்யுங்கள்: ராத்திரி ஆவி பிடியுங்கள், தலையணை உறையை வாரம் ஒருமுறை கொதிநீரில் போடுங்கள், ஃபேனைத் துடையுங்கள், தயிர் வேண்டாம், வாழைப்பழம் வேண்டாம், ஜன்னலுக்கு வெளியே பார்த்தீனியம் இருந்தால் பூக்கும் முன்பே பிடுங்கச் சொல்லுங்கள், பிடுங்கும்போது கையுறையும் மாஸ்க்கும்...

நிலா_வைட்ஃபீல்டு:
ரெண்டு வருஷமா! தம்பி, அந்தச் சொட்டு மருந்து நாலைந்து நாளைக்குத்தான். அதற்கு மேல் போனால் அதுவே அடைக்க வைக்கும். உங்களுக்கு இப்போது அடைப்பு தூசியாலா மருந்தாலா என்பதே சந்தேகம். தயிரை விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

ராஜாஜிநகர்_71:
எங்கள் அப்பாவுக்கு 74. சளி, தும்மல் ஒன்றும் கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து இப்போது ஊதுபத்திகூடத் தெரியவில்லை. எந்த ஸ்ப்ரே வாங்கலாம்?

அல்சூர்க்காரி:
சார், அவருக்கு அடைப்பே இல்லையென்றால் ஸ்ப்ரே எதைத் திறக்கப் போகிறது? வயசாலும் இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அதற்கு முன்னால், தனியாகச் சமைக்கிறாரா? சிலிண்டர் கசிந்தால் நமக்குத் தெரிவதே அதில் கலந்திருக்கிற நாற்றத்தால்தான். நான் பால் பாத்திரத்துக்கு அப்புறம் வாங்கிய முதல் பொருள், கேஸ் கசிந்தால் அலறும் கருவி.

எனக்கு நேற்று பெருங்காயம் பாதிதான் தெரிந்தது. ஸ்ப்ரேயை விடவில்லை. மழைக்கு அப்புறம் எதிர் மனையில் பார்த்தீனியம் இடுப்பளவு நிற்கிறது. அதனாலா, பாலிப் மறுபடி வளர்கிறதா, வியாழக்கிழமை குழாய் விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.