மெயிலுக்கு எத்தனை மணிக்குள் பதில், எப்போது போன்: உங்கள் டீமில் எப்படி முடிவு செய்தீர்கள்?

சேதராப்பட்டு எக்ஸ்போர்ட்

பருத்திப் பை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற யூனிட்டில் டாக்குமெண்டேஷன் பார்க்கிறேன், ஒன்பது பேர் டீம். போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை 5.50க்கு சரக்கைக் கப்பலேற்றித் தரும் ஃபார்வர்டரிடமிருந்து டிராஃப்ட் பி.எல்., அதாவது கப்பல் சரக்கு ரசீதின் வரைவு, வந்தது. கூடவே ஒரு வரி: நாளை 11 மணிக்குள் திருத்தம் சொல்லவும், இல்லாவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்வோம். டூ-வில் எங்கள் ஆட்கள் ஐந்து பேர். ஐந்து பேருமே திறந்து பார்த்திருக்கிறோம். மெர்ச்சண்டைசர் சரிபார்ப்பார் என்று நான் இருந்துவிட்டேன், நான் பார்ப்பேன் என்று அவர் இருந்துவிட்டார், மற்ற மூவரும் எங்கள் இருவரையும் நம்பினார்கள். பேக்கிங் லிஸ்டில் மொத்த எடை 8,640 கிலோ, டிராஃப்டில் 8,460. சனிக்கிழமை 11.20க்கு அப்படியே ஃபைனல் ஆகிவிட்டது. டாக்குமெண்ட் எல்லாம் ஒத்துப்போனால்தான் வங்கி பணம் தரும் எல்.சி. ஷிப்மெண்ட் என்பதால் எடை ஒத்துப்போகவில்லை என்று வங்கி டாக்குமெண்டைத் திருப்பியது, திருத்தக் கட்டணம் கட்டி வேறு பி.எல். வாங்கி, பணம் வர 12 நாள் தாமதம்.

முதலாளி "எல்லாரும் மெயிலை உடனே பாருங்கள்" என்றார். அது உதவவில்லை, ஏனென்றால் அன்றும் நாங்கள் உடனேதான் பார்த்தோம். பதில் சொல்ல வேண்டியது யார் என்பதுதான் எழுதப்படாமல் இருந்தது. அதனால் முந்தைய இரண்டு வாரத்து இன்பாக்ஸை உட்கார்ந்து பிரித்தேன், எது தாமதமானால் நஷ்டம், எது மறுநாள் சொன்னாலும் போதும் என்று. அன்றன்றைக்கே பதில் தேவைப்பட்டவை 11தான். அதில் பாதிக்கு மேல் மாலை 5க்குப் பிறகு வந்தவை, வாடிக்கையாளர் பிரான்சில் இருக்கிறார், கோடையில் நம்மைவிட மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால்.

அப்புறம் இந்த மெயிலை அனுப்பினேன்:

> பொருள்: மெயில் பதிலும் போனும், திங்கள் முதல் ஒரு மாதம் இப்படிச் செய்து பார்க்கலாமா?
>
> டூ-வில் ஒரே ஒருவர் பெயர், பதில் அவருடையது. மற்றவர்கள் சிசி, அவர்கள் பதில் போட வேண்டியதில்லை.
>
> வெளி ஆட்கள் மெயிலுக்கு வேலை நேரத்தில் நாலு மணி நேரத்துக்குள் ஒரு வரியாவது போடுவோம். நமக்குள் என்றால் அடுத்த வேலைநாள் மதியம் 12.
>
> கெடு முடிய வேலை நேரத்தில் மூன்று மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் மெயிலோடு போனும் செய்வோம். இரண்டு முறை மெயில் போய்வந்தும் புரியாவிட்டாலும் போன்தான். எடுக்காவிட்டால் பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை, அதற்கும் எடுக்காவிட்டால் கீழே உள்ள பட்டியலில் அவருக்கான மாற்று ஆள். பேசி முடித்ததும் இரண்டு வரி மெயில்.
>
> இரவு 8க்கு மேல் சரக்கு நின்றுபோகிற விஷயத்துக்கு மட்டும் போன்.
>
> இதில் உங்களால் முடியாதது எது என்று மட்டும் வியாழனுக்குள் எனக்குச் சொல்லுங்கள்.

"வேலை நேரத்தில்" என்று எண்ணுவதுதான் முக்கியம். அந்த வெள்ளிக்கிழமை மெயிலைக் கடிகாரத்தில் பார்த்தால் 17 மணி நேரம் இருந்தது, தாராளமாகத் தெரியும். எங்கள் வேலை நேரம் 9.30 முதல் 6 வரை, அந்தக் கணக்கில் அன்று பத்து நிமிடம், மறுநாள் ஒன்றரை மணி, அவ்வளவுதான். இப்போது அப்படி ஒரு மெயில் வந்தால் பார்த்தவர் கையில் போன் இருக்கும். ஃபார்வர்டரிடமும் டூ-வில் என் பெயரை மட்டும் போடச் சொல்லிவிட்டோம்.

முதல் மாதத்தில் தவறியது ஒன்று: எல்லாரும் "பார்த்தேன்" என்று பதில் போட்டு நாலு மணிக் கணக்கை முடித்துக்கொண்டார்கள். வாடிக்கையாளருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. "பார்த்தேன், புதன் மதியத்துக்குள் சொல்கிறேன்" என்று நேரத்தோடு எழுதினால்தான் பதிலாகக் கணக்கு என்று மாற்றினோம்.

நெல்லித்தோப்பு ஐ.டி.

இவ்வளவு எழுத வேண்டாமே சார், மெயிலில் ரீட் ரிசீட் கேட்டுவிடுங்கள். யார் பார்த்தார், எப்போது பார்த்தார் எல்லாம் வந்துவிடும். பார்த்தும் பதில் போடாதவரைக் கேட்டால் போச்சு. சப்ஜெக்டில் "அவசரம்" என்று போடுவதும் எங்களிடம் நன்றாக வேலை செய்கிறது.

மஞ்சக்குப்பம் ஆடிட் ஆபீஸ்

தம்பி, ரிசீட் அனுப்பலாமா வேண்டாமா என்று பல மெயில் செயலிகள் பெறுகிறவரிடமே கேட்கும், அவர் வேண்டாம் என்றால் உங்களுக்கு ஒன்றும் வராது. அது கிடக்கட்டும், சேதராப்பட்டு சார் கதையில் ஐந்து பேரும் பார்த்திருக்கிறார்களே, ஐந்து ரிசீட் வந்திருந்தாலும் எடை தப்பாகத்தான் போயிருக்கும்.

"அவசரம்" பற்றி நீங்கள் சொல்வது பாதி சரி. எங்களிடம் இரண்டு மாதத்தில் எல்லா சப்ஜெக்டிலும் அவசரம் ஏறிவிட்டது, பிறகு யாரும் அந்தச் சொல்லைப் படிப்பதே இல்லை. இப்போது "16 மாலை 4க்குள் பதில்" என்று தேதியும் மணியும்தான் போடுகிறோம். மணி போட வேண்டும் என்றால் ஒருவர் யோசித்துத்தான் போடுகிறார், அதனால் தானாகவே குறைந்துவிட்டது.

இன்னொன்று, ஒரே அளவு மாதம் முழுக்கப் பொருந்தாது. ஜி.எஸ்.டி.ஆர்-1 கணக்கு தாக்கல் செய்யக் கெடு 11ஆம் தேதி, 3பிக்கு 20ஆம் தேதி. 18 முதல் 20 வரை எங்களுக்கு நாலு மணி நேரம் என்பது ஒரு மணி நேரம். அந்த நாட்களை வருடத் தொடக்கத்திலேயே மெயிலில் எழுதி அனுப்பிவிடுவோம். மற்ற நாளில் யாரையும் அப்படி விரட்டுவதில்லை.

திருப்பாதிரிப்புலியூர்

நானும் ஒரு அலுவலகத்துக்கு மூன்று மெயில் போட்டேன், 40 நாளாகப் பதில் இல்லை, போனும் எடுக்க மாட்டேன் என்கிறார்கள். எத்தனை மணிக்குள் பதில் தரவேண்டும் என்று சட்டம் ஏதாவது இருக்கிறதா?

சேதராப்பட்டு எக்ஸ்போர்ட்

ஐயா, இது எங்கள் டீமுக்குள் நாங்களே பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு, வெளி அலுவலகத்தை இது கட்டுப்படுத்தாது. உங்கள் விஷயத்தைத் தனியாகக் கேளுங்கள், தெரிந்தவர்கள் வருவார்கள்.

முதுநகர் குளிர்பதனக் கிடங்கு

போனை நம்பி மட்டும் எழுதாதீர்கள். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்த அன்று எங்களுக்குக் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. கிடங்கில் மீன் இருக்கிறது, ஜெனரேட்டர் டீசல் ஓனரைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. நான் அவருக்கு அழைத்துக்கொண்டே இருந்தேன், ஷிஃப்ட் பையன் என் பதிலுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகு ஒரு வரி சேர்த்தோம்: அரை மணி நேரம் யாரையும் பிடிக்க முடியாவிட்டால் இடத்தில் இருப்பவர் 20,000 ரூபாய் வரை தானே முடிவெடுக்கலாம், பிறகு எழுதிச் சொன்னால் போதும். போன் எடுக்காதபோது என்ன செய்வது என்பதும் அந்த மெயிலில் இருக்க வேண்டும்.

சேதராப்பட்டு எக்ஸ்போர்ட்

அண்ணே, இது எங்களிடம் இல்லை. மாற்று ஆள் வரைதான் யோசித்தோம். தொகையை முதலாளியிடம் பேசிச் சேர்க்கிறேன்.

லாஸ்பேட்டை

அந்த மாற்று ஆள் பட்டியலைப் பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் டீமிலும் இதே மாதிரி மெயில் வந்தது, படிக்க நியாயமாகத்தான் இருந்தது. நான் எப்போதும் போனை எடுப்பேன் என்பதால் ஆறு பேருக்கும் மாற்று ஆளாக என் பெயரையே போட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற வழியில் மூன்று அழைப்பு. மூன்றுமே திங்கள் சொன்னால் போதும் என்கிற விஷயம்தான், ஆனால் பட்டியல் இருக்கிறது என்ற தைரியத்தில் அழைத்துவிட்டார்கள். வாரம் ஒருவர் என்று சுற்றில் விடலாம் என்று கேட்டேன், மற்றவர்களுக்கு அந்தச் சரக்கு பற்றித் தெரியாது என்றார்கள். அதுவும் உண்மைதான். ஃபிரெஞ்சுக்காரர்கள் இதற்கு 2017 ஜனவரியிலிருந்து சட்டமே வைத்திருக்கிறார்கள், வேலை நேரம் முடிந்த பிறகு தொடர்பு துண்டித்துக்கொள்ளும் உரிமை என்று. சார், உங்கள் பட்டியலில் ஒரே பெயர் எத்தனை முறை வருகிறது?

சேதராப்பட்டு எக்ஸ்போர்ட்

இப்போதுதான் எண்ணிப் பார்த்தேன் அக்கா. ஒன்பதில் ஐந்து இடத்தில் எங்கள் மெர்ச்சண்டைசர் பெயர். வியாழனுக்குள் ஆட்சேபம் சொல்லுங்கள் என்று கேட்டபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டுவிட்டேன். நாளை நேரில் கேட்கிறேன்.