ஜன்னலோரம் இருந்த சாம்பிள்: பிலிரூபின் அனுபவங்கள்

சோதனைக்குழாய்
லேபில் பதினாறு வருஷம் ஆகிறது. இது என் தவறால் நடந்தது, அதனால் நானே ஆரம்பிக்கிறேன்.

பிறந்து மூன்றாம் நாள் குழந்தை. தோலை மஞ்சளாக்குகிற பிலிரூபின், முந்தின நாள் ரத்தத்தில் மொத்தம் 13.1. காலையில் வார்டு சிஸ்டர் குதிகாலில் குத்தி மெல்லிய கேபிலரி குழாய்கள் இரண்டில் ரத்தம் எடுத்து, கருப்புத் தாளில் சுற்றித்தான் அனுப்பியிருந்தார். சென்ட்ரிஃப்யூஜில் வைக்கத் தாளைப் பிரித்தேன். மெஷின் வேறு சாம்பிளோடு சுற்றிக்கொண்டிருந்தது. குழாய்களை ஜன்னல் திட்டில் ஒரு தட்டில் வைத்துவிட்டுப் போனவன், திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கிழக்குப் பார்த்த ஜன்னல், வெயில் நேராக விழும். ரிசல்ட் 9.8. அனுப்பிவிட்டேன்.

டாக்டர் போன் செய்தார். "குழந்தைக்கு முழங்கால் தாண்டி மஞ்சள் இறங்கியிருக்கு, மஞ்சள் குறைய நீல லைட்டும் வைக்கல. மூணாம் நாள்ல தானா எப்படி 13லேர்ந்து 9.8க்கு வரும்?" திரும்ப எடுத்தார்கள், இந்த முறை நானே கையில் வாங்கி உடனே போட்டேன். 15.6. அன்று மாலை குழந்தைக்கு லைட் வைத்தார்கள். 9.8ஐ நம்பி வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்று நினைத்தால் இன்னும் கை நடுங்கும்.

புதுஅப்பா_திருச்சி
படிக்கவே பயமாக இருக்கிறது. எங்கள் ரிப்போர்ட்டில் மொத்தம் 14.2, டைரக்ட் 0.6, இன்டைரக்ட் 13.6 என்று மூன்று வரி இருக்கிறது. மூன்று டெஸ்டுக்கும் தனித்தனியாகப் பணம் வாங்கினார்களா? இன்டைரக்ட்தான் மூளைக்குப் போகும் என்கிறார்கள், அது 13.6 என்பது மோசமா?

ஊர்க்குருவி
அண்ணா, வெயில் பட்டால் மஞ்சள் குறையும் என்பது நம் பாட்டிகளுக்கே தெரியும். டியூபில் நடப்பதுதான் குழந்தை உடம்பிலும் நடக்கிறது. தினம் காலை இளவெயிலில் அரைமணி நேரம் காட்டுங்கள், லைட்டெல்லாம் வேண்டாம்.

பச்சிளம்_டாக்டர்
@ஊர்க்குருவி முதல் பாதி சரி, இரண்டாம் பாதி ஆபத்து. நடப்பது ஒன்றேதான். நீல ஒளி பட்டதும் பிலிரூபின் மூலக்கூறு வளைந்து, தண்ணீரில் கரையக்கூடிய வேறு வடிவமாகிறது. குழந்தை உடம்பில் அது பித்தத்திலும் சிறுநீரிலும் வெளியேறிவிடும், அதனால் நல்லது. டியூபிலிருந்து எங்கும் போகாது, நாம் அளக்கிற எண்ணை மட்டும் கெடுக்கும். ஆனால் வெயிலில் ஒளியின் அளவு நம் கையில் இல்லை, உடம்பு சூடேறும், தோல் கருகும். 15.6க்கு வெயிலை நம்பி உட்கார முடியாது.

இதில் ஒரு வேடிக்கை. லைட் வைத்தியமே இப்படி ஒரு சாம்பிளால்தான் துணிவு பெற்றது. 1956இல் இங்கிலாந்தின் எசெக்ஸில் ராச்ஃபோர்டு மருத்துவமனை. சிஸ்டர் வார்டு என்பவர் குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோவார். துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாகவே இருப்பதை அவர்தான் காட்டினார். அதே சமயத்தில், வெயிலில் கிடந்துவிட்ட ஒரு ரத்தக்குழாயில் பிலிரூபின் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக வந்திருக்கிறது. அதைத் துரத்திப் போய் அங்கிருந்த டாக்டர் கிரெமரும் மற்றவர்களும் 1958இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். சோதனைக்குழாய் சார், உங்கள் தவறு அவர்கள் செய்தால் கண்டுபிடிப்பு :)

@புதுஅப்பா எத்தனை மணி நேரக் குழந்தை, எத்தனை வாரத்தில் பிறந்தது என்று தெரியாமல் 14.2 நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. குழந்தையின் வயதை மணிக்கணக்கில் வைத்துப் பார்க்கும் வரைபடத்தில் அந்த எண் எங்கே இருக்கிறது என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். லைட் முடிவுக்குப் பார்ப்பது மொத்தத்தை, டைரக்டைக் கழித்துவிட்டுப் பார்ப்பதில்லை.

சோதனைக்குழாய்
@புதுஅப்பா மூன்று டெஸ்ட் இல்லை தம்பி, இரண்டுதான். டையசோ என்ற ரசாயனத்தைச் சீரத்தில் சேர்த்தால் பிலிரூபின் நிறம் மாறும். கரையக்கூடியது, அதாவது கல்லீரல் வேலையை முடித்து அனுப்பியது, சும்மா சேர்த்தாலே மாறிவிடும். அதுதான் டைரக்ட். கரையாதது அல்புமின் என்ற ரத்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கும், அதைப் பிரித்துவிட கஃபீன் கலந்த கரைசல் வேண்டும். அதையும் சேர்த்தால் மொத்தம் வரும். இன்டைரக்ட் என்பது யாரும் அளக்காத எண், கழித்துப் போடுவது. 14.2 கழித்தல் 0.6. அவ்வளவுதான்.

மாடிப்படி
எனக்கு 34 வயசு. எப்போது பார்த்தாலும் மொத்தம் 1.9, இன்டைரக்ட் 1.6. பட்டினி கிடந்தால் கண் மஞ்சளாகும். என் சாம்பிளையும் தாளில் சுற்றச் சொல்ல வேண்டுமா?

பச்சிளம்_டாக்டர்
உங்களுடையது வேறு கதை. பெரியவர்களுக்கு அப்படி இருப்பது பெரும்பாலும் கில்பர்ட் என்ற பிறவித் தன்மை, தனியாகப் பாருங்கள். சாம்பிளுக்கு வெயில் யாருடையதானாலும் ஆகாதுதான்.

வெள்ளைக்கோட்டு_அக்கா
எல்லோரும் மொத்தத்தையே பேசுகிறீர்கள். என் வார்டில் நடந்தது நேர் எதிர். ஐந்து வாரக் குழந்தை, எடை ஏறுகிறது, தாய்ப்பால் மஞ்சள்தான் என்று வேறு இடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மொத்தம் 7.2 மட்டுமே, பயமுறுத்துகிற எண் இல்லை. ஆனால் டைரக்ட் 4.1. அங்கே டைரக்டைப் போடவே இல்லை. மலம் என்ன நிறம் என்று அம்மாவிடம் கேட்டேன். "வெளுப்பா இருக்குக்கா, பால் மட்டும் குடிக்கிறதால்னு நெனச்சேன்" என்றாள். டயப்பரைக் காட்டச் சொன்னேன், சுண்ணாம்பு மாதிரி. பித்தக்குழாய் அடைப்பு. பித்தம் குடலுக்குப் போக வழி செய்கிற காசாய் ஆபரேஷன் 60 நாளுக்குள் நடந்தால் பலன் அதிகம், இவனுக்கு 47ஆம் நாள் நடந்தது. டைரக்ட் 1க்கு மேல் போனாலே மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் விசாரிக்க வேண்டும். இந்தக் குழந்தைக்கு லைட் வைத்திருந்தால் பயன் இல்லை, தோல் பழுப்பாகிவிடவும் வாய்ப்புண்டு.

நெல்லைக்காரன்
அக்கா, டைரக்டையும் அப்படியே நம்ப முடியாது. போன மாதம் எங்களிடம் மொத்தம் 21, டைரக்ட் 1.8 வந்தது. எல்லோரும் பதறினார்கள். திரும்ப வேறு மெஷினில் போட்டால் 0.7. மொத்தம் ரொம்ப அதிகமானால் கரையாததும் கொஞ்சம் கஃபீன் சேர்க்காத முதல் கிண்ணத்திலேயே எதிர்வினை செய்துவிடுகிறது. குதிகால் ரத்தம் பிழிந்து எடுத்து சிவந்துவிட்டால் ஹீமோகுளோபின் வேறு குறுக்கே வந்து எண்ணைக் குறைக்கிறது. லைட்டில் இருக்கிற குழந்தையில் அந்த மாறின வடிவம் டைரக்டில் கணக்காகுமா என்பதில் எங்கள் லேபிலேயே சண்டை. மெஷினுக்கு மெஷின் வேறு சொல்கிறார்கள்.

வெள்ளைக்கோட்டு_அக்கா
திரும்பப் போடுங்கள், சரி. ஆனால் "மெஷின் கோளாறு" என்று விட்டுவிட வேண்டாம். அப்புறம், லைட்டில் இருக்கிற குழந்தையிடம் ரத்தம் எடுக்கும்போது விளக்கை அணைக்கிறீர்களா? எங்களிடம் பாதிப் பேர் அணைப்பதில்லை, நீல வெளிச்சத்திலேயே குழாய் நிறைகிறது.

நெல்லைக்காரன்
அணைக்கச் சொல்லி ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். அறை டியூப்லைட்டுக்கும் தாள் சுற்ற வேண்டுமா? அரைமணி நேரத்தில் பெரிதாக ஒன்றும் மாறுவதில்லை என்பது என் அனுபவம்.

சோதனைக்குழாய்
நேர் வெயில் அளவுக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால் கேபிலரி குழாயில் ரத்தம் இம்மி அளவு, ஒளி ஊடுருவிப் போகும். அந்த அரைமணி நேரம் எப்போது மூன்று மணி நேரமாகும் என்று எனக்குத் தெரியும், அதனால் சுற்றிவிடுகிறேன். சென்ட்ரிஃப்யூஜிலிருந்து எடுத்ததும் திரும்பத் தாளுக்குள். ஜன்னலுக்குத் திரை போட்டோம். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் கழற்றினார்கள், இன்னும் திரும்ப மாட்டவில்லை.