படி ஏறினால், குத்த வைத்து உட்கார்ந்தால் வலது முட்டி வலிக்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறார்கள்

செக்கிங் அக்கா, திருப்பூர்:
எனக்கு வயது 39, எடை 62 கிலோ. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, மூன்றாவது மாடி. போன ஆடியில் வண்டியிலிருந்து விழுந்து வலது முட்டியில் அடி. எலும்பு முறிவு இல்லை. நாலு மாசம் அந்தக் காலை ஊன்றாமல் பார்த்து நடந்தேன். இப்போது சமதளத்தில் நடந்தால் வலியே இல்லை. படியில் ஏறினால் சில்லுக்குப் பின்னால் வலிக்கிறது, இறங்கும்போது இன்னும் அதிகம். இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்து எழவே முடியவில்லை. மடக்கினால் நறநறவென்று சத்தம் வேறு. வீக்கம் இல்லை. என்ன செய்யலாமுங்க?

மஞ்சக்காடு, கோபி:
அது தேய்மானமுங்க அக்கா. ஜவ்வு தேய்ந்துவிட்டது. எங்கம்மாவுக்கும் இதேதான். படி ஏறவே ஏறாதீங்க, முட்டிக்கு உறை போட்டுக்கொண்டு காலுக்கு ஓய்வு கொடுங்க.

பிசியோ, ஈரோடு:
தேய்மானம் இருக்கலாம் என்பது சரி, ஓய்வு கொடுங்க என்பதுதான் இடிக்கிறது. சில்லின் பின்பக்கம் வழுவழுப்பான குருத்தெலும்பு படிந்திருக்கிறது. தொடை எலும்பின் முனையில் உள்ள பள்ளத்தில் அது வழுக்கிக்கொண்டு போகும். படி ஏறும்போது அந்த இடத்தில் உடல் எடையைப் போல ஏறத்தாழ 3 மடங்கு சுமை விழும், ஆழக் குத்த வைத்தால் 7 மடங்கு வரை போகும். 62 கிலோவுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க. சமதளத்தில் வலிக்காததற்கு இதுதான் காரணம். குருத்தெலும்பு மென்மையாகிச் சொரசொரப்பானால் அதுவாக வலிக்காது, அதில் நரம்பே இல்லை. அடியில் உள்ள எலும்பும் சுற்றியுள்ள சவ்வும்தான் வலிக்கின்றன. எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது, அதனால்தான் "ஒன்றுமில்லை" என்கிறார்கள்.

அக்கா, ஒன்று செய்யுங்க. உங்கள் இஞ்சி டேப்பை எடுத்து, சில்லின் மேல் விளிம்பிலிருந்து 10 செ.மீ. மேலே, இரண்டு தொடைகளையும் தளர்வாக வைத்து அளந்து சொல்லுங்க.

செக்கிங் அக்கா, திருப்பூர்:
இடது 43, வலது 41. இரண்டு தடவை அளந்தேன். சில்லுக்கு உட்பக்கம் மேலே இடதில் உருண்டு திரண்டிருக்கிற சதை, வலதில் தட்டையாக இருக்கிறது.

பிசியோ, ஈரோடு:
நினைத்தேன். நாலு மாசம் ஊன்றாமல் நடந்ததில் முன்தொடைச் சதை இளைத்துவிட்டது. சில்லைப் பள்ளத்தில் நேராக ஓட்டுவதும், இறங்கும்போது உடம்பை மெல்ல இறக்குவதும் அந்தச் சதைதான். அது சோர்ந்தால் சில்லு வெளிப்பக்கம் ஒதுங்கும், அத்தனை சுமையும் ஒரு சின்ன இடத்தில் விழும். வலிக்கிறதென்று காலை ஒதுக்கினால் சதை இன்னும் இளைக்கும்.

முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை அமுக்கி 5 விநாடி பிடியுங்க. ஒரு தடவைக்கு 15, காலை மாலை. இரண்டு வாரம் கழித்துக் காலை நீட்டியபடி தூக்கலாம். அப்புறம் சுவரில் சாய்ந்து, முட்டி கொஞ்சம் மட்டும் மடங்கும்படி சறுக்கி நில்லுங்க. நாற்காலி உயரம் வரை இறங்க வேண்டாம். பத்துக்கு மூன்று வலிக்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடருங்க. இல்லாவிட்டால் குறையுங்க. இப்போதைக்கு டாய்லெட் ஸ்டூல் ஒன்று வாங்குங்க. மாடிப்படியில் ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்க, இறங்கும்போது வலிக்கிற காலை.

தறிக்காரன், சென்னிமலை:
எனக்கும் முட்டி வலிதானுங்க. கபடி ஆடும்போது திரும்பினேன், டக்கென்றது. இப்போது மடக்கினால் மாட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போகிறது. இந்தத் துண்டுப் பயிற்சியை நானும் செய்யட்டுமா?

பிசியோ, ஈரோடு:
வேண்டாம் தம்பி, உங்களுடையது வேறு. மாட்டிக்கொள்வது, திடீர் வீக்கம், கால் வளைந்து தடுமாறுவது, காய்ச்சலோடு வலி, இதெல்லாம் இருந்தால் எலும்பு மருத்துவரிடம் நேரில் காட்டணும்.

பழைய செவிலி, பெருந்துறை:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்க அண்ணா. இடுப்பின் பக்கவாட்டுச் சதையும் சோர்ந்திருக்கும். இறங்கும்போது முட்டி உள்ளே சாய்கிறதா என்று கண்ணாடி முன் நின்று பார்க்கச் சொல்லுங்க. சாய்ந்தால் பக்கவாட்டில் படுத்து மேல்காலைத் தூக்கும் பயிற்சியும் வேணும்.

பிசியோ, ஈரோடு:
சரிதானுங்க. அது விட்டுப்போச்சு.

செக்கிங் அக்கா, திருப்பூர் (ஒன்பது வாரம் கழித்து):
வலது இப்போது 42. ஏறும்போது வலி போய்விட்டது, இறங்கும்போது கடைசிப் படிகளில் லேசாக இருக்கிறது. குத்த வைக்க இன்னும் முடியவில்லை. நறநற சத்தமும் அப்படியே. சென்னிமலைக்கு 1320 படி ஏறுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். போகலாமா?

பிசியோ, ஈரோடு:
சத்தத்தோடு வலி இல்லையென்றால் விடுங்க. தேய்ந்த குருத்தெலும்பு பழையபடி வளருமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, வலி குறைய அது வளர்ந்தே ஆக வேண்டியதும் இல்லை. மலைக்கு இன்னும் ஆறு வாரம் போகட்டும். அதுவரை மூன்று மாடி ஏறி இறங்கி, மறுநாள் எப்படி இருக்கிறதென்று பாருங்க.

தறிக்காரன், சென்னிமலை:
ஏறுவது படியில் இருக்கட்டும் அக்கா, இறங்குவதற்கு மலைப்பாதையில் பஸ் இருக்குதுங்க.