விறைக்கும் பாலியஸ்டர் புடவை, காலோடு ஒட்டும் பாவாடை: என்ன செய்யலாம்?

ஓசூரில் போர்வெல் தண்ணீர், ஃப்ரண்ட் லோடு மெஷின். மழை நின்று காற்று வறண்டதிலிருந்து பாலியஸ்டர் புடவையும் நைலான் உள்பாவாடையும் காய்ந்ததும் அட்டை மாதிரி விறைக்கின்றன, கட்டினால் படபடவென்று பொரிந்து காலோடு ஒட்டிக்கொள்கின்றன.

சோப்புத்தூளைப் பாதியாக்கி, ஒரு அலசலும் கூட்டி, நிழலில் உலர்த்தினேன், பெரிய மாற்றமில்லை. கடைசி அலசலை மட்டும் கேன் தண்ணீரில் செய்த புடவை மெத்தென்று வந்தது, ஆக விறைப்புக்குக் காரணம் உப்புத்தண்ணீர்தான். அந்த அலசலில் கால் கப் வெள்ளை வினிகர் ஊற்றினாலும் அதே பலன், வாடையும் காய்ந்ததும் போய்விடுகிறது.

ஒட்டுவதுதான் தீரவில்லை. பருத்திப் பாவாடை கட்டினால் பரவாயில்லை, ஆனால் மெல்லிய புடவைக்கு அது தடித்துத் தெரிகிறது. ஈரக்கையால் உள்பக்கம் தடவினால் சற்று நேரம் அடங்கும், அப்புறம் பழையபடிதான். துணி கண்டிஷனர் பையனுக்கு அரிப்பு தருகிறது, வேண்டாம்.

கண்டிஷனர் இல்லாமல், நாள் முழுக்கத் தாங்கும்படி இந்த ஒட்டலை நிறுத்த உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள்?