வெப்பப் பரிமாற்றியில் என்ட்ரோபி உருவாக்கம்: ஒரு விளக்கம் தேவை

நண்பர்களுக்கு வணக்கம். எதிர்ப்பாய்வு வெப்பப் பரிமாற்றி ஒன்றில் இரு பக்கமும் நொடிக்கு 1 கிலோ நீர் பாய்கிறது. சூடான நீர் 90 டிகிரி செல்சியஸிலிருந்து 50-க்கு இறங்க, குளிர்ந்த நீர் 30-லிருந்து 70-க்கு ஏறுவதால், நெடுகிலும் வேறுபாடு 20 டிகிரியாகவே இருக்கிறது. வெளியே வெப்பம் கசியவில்லை என்று கொண்டு, கெல்வினில் கணக்கிட்டேன்:

```
S = 4180 × [ln(343/303) − ln(363/323)] ≈ 30 W/K
```

சுற்றுப்புறம் 300 கெல்வின் என்றால், கைமாறும் 167 கிலோவாட்டில் ஏறத்தாழ 9 கிலோவாட் வேலைத்திறன் வீணாகிறது. கைமாறும் வெப்பத்தை மாற்றாமல், பரப்பை இரட்டித்து வேறுபாட்டை 10 டிகிரியாக்கினால் இது பாதியாகிறது. அழுத்த இழப்பு 50 கிலோபாஸ்கல் என்றாலும் உராய்வின் பங்கு பக்கத்துக்கு 0.15 W/K மட்டுமே. நீருக்கு அது பொருட்டே அல்ல. ஆனால் ஒரு பக்கம் காற்றானால் உராய்வின் பங்கு வெகுவாக உயருமே. அப்போது பரப்பைக் கூட்டுவதை எந்த இடத்தில் நிறுத்துவது என்று எப்படிக் கணிப்பது? செய்து பார்த்தவர்கள் வழிமுறையை விளக்கினால் உதவியாக இருக்கும்.