தடைக்காலத்துக்குப் பணம் கைக்கு வரும்படி டெபாசிட் போடலாமா?

வணக்கம் உறவுகளே. மண்டபத்தில் எங்களுக்கு விசைப்படகு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. வருமானம் நின்றுபோகும் அந்த நேரத்தில்தான் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றப் பணம் வேண்டும்.

கையிலுள்ள 4 லட்சத்தை லட்சம் லட்சமாகப் பிரித்து, 1, 2, 3, 4 வருடம் கழித்து ஏப்ரல் தொடக்கத்தில் முதிரும்படி ஃபிக்சட் டெபாசிட் போட நினைக்கிறேன். வருடம் ஒன்று கைக்கு வரும். தேவைப்படாவிட்டால் அதைத் திரும்ப 4 வருடத்துக்குப் போட்டுவிடலாம்.

ஐப்பசியில் திடீரென்று இன்ஜின் பழுதானால் என்ன செய்வது? டெபாசிட்டை உடைத்தால், பணம் கிடந்த காலத்துக்குரிய வட்டியில் பெரும்பாலும் 1 சதவீதம் வரை குறைப்பார்கள். அதன்மேல் கடன் வாங்கினால் டெபாசிட் வட்டியைவிட 1, 2 சதவீதம் கூடும். இரண்டு மாதத்தில் அடைக்க முடிந்தால் கடனே மேல் என்று தோன்றுகிறது. உடைத்தே ஆகவேண்டுமென்றால் கடைசியாகப் போட்டதை உடைப்பதுதானே சரி? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.