வகுப்புச் செய்திமடலின் தமிழ்ப் பாதி என் பொறுப்பு. எப்படி எழுதினால் எல்லோருக்கும் புரியும்?

நிலா அம்மா:
இங்கே வந்து நான்கு மாதம் ஆகிறது. மகள் முதல் வகுப்பு. வகுப்பில் 24 பிள்ளைகள், வீட்டில் பேசும் மொழிகளை எண்ணினால் ஏழு. ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ்க் குடும்பங்கள்தான் அதிகம், ஐந்து பேர். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை டீச்சர் ஒரு பக்கத்தில் மடல் அனுப்புவார். இப்போது அதை இரண்டு மொழியிலும் கொடுக்கலாம் என்று, தமிழை எழுத என்னைக் கேட்டார். சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன்.

முதல் மடலுக்கு இரவு வெகுநேரம் உட்கார்ந்து, ஆங்கில வாக்கியம் ஒவ்வொன்றையும் அப்படியே தமிழாக்கினேன். ஆனால் சுற்றுலா நாளன்று இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் படிவம் இல்லாமல் வந்து நின்றார்கள். ஒருத்தி போக முடியாமல் பள்ளியிலேயே இருந்தாள். அவள் அம்மா என்னிடம், "இரண்டு தடவை படித்தேன், எங்களை என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று பிடிபடவில்லை" என்றார். நான் எழுதியிருந்தது இதுதான்:

"வரும் வெள்ளிக்கிழமை நடைபெறவுள்ள அருங்காட்சியகச் சுற்றுலாவில் பங்கேற்கும் மாணவர்களின் பெற்றோர், இத்துடன் இணைக்கப்பட்டுள்ள ஒப்புதல் படிவத்தைப் பூர்த்தி செய்து புதன்கிழமைக்குள் சமர்ப்பிப்பதோடு, மதிய உணவு, தண்ணீர், மழைக்கோட்டு ஆகியவற்றுடன் தங்கள் பிள்ளைகளைக் காலை 8.45 மணிக்கு முன்னதாக அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

அடுத்த மடல் பத்து நாளில். என்ன மாற்ற வேண்டும்?

சேது:
தமிழில் பிழை எதுவும் இல்லையே. ஆங்கிலத்தோடு சேர்த்துப் போடுவதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். தமிழுக்குத் தனித் தாள் போடுங்கள். நம் மக்களுக்குத் தேவையானதை மட்டும், உங்களுக்கு வசதியான வரிசையில் எழுதுங்கள்.

வாசுகி:
நிலா அம்மா, பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே இந்த வேலையை ஒன்பது வருஷமாகச் செய்கிறேன். சேது சொல்வதில் ஒரு பாதி சரி, ஆங்கில வாக்கியத்தின் வரிசைக்கு நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை. ஆனால் தனித் தாள் வேண்டாம், ஒரே மடலில் இரண்டு மொழிக்கும் ஒரே எண் போட்டு எழுதுங்கள். ஒரு அப்பா பள்ளி வாசலில் மடலை நீட்டி, "இந்த மூணாவது புரியல" என்று விரலை வைத்தால், டீச்சரும் தன் பக்கத்தில் மூன்றாவதைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். இரு மொழி மடலின் உண்மையான பயன் அந்த இடத்தில்தான். தனித் தாளில் அது போய்விடும். நாளைக்கு டீச்சர் தேதியை மாற்றினாலும் தமிழில் எந்த வரியைத் திருத்துவது என்று அவருக்குத் தெரியாது.

உங்கள் வாக்கியத்துக்கு வருகிறேன். அதில் பெற்றோர் செய்ய வேண்டியது நான்கு: படிவம் நிரப்புவது, கொடுப்பது, பொருள்களைக் கொடுத்து அனுப்புவது, நேரத்துக்கு அனுப்புவது. நான்குக்கும் சேர்த்து ஒரே முற்றுவினை, அதுவும் கடைசியில். தமிழில் வினை கடைசியில்தான் வரும். அதனால் வாக்கியம் நீண்டால், என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பது தெரிய அவ்வளவு தூரம் காத்திருக்க வேண்டும். அடுப்படியில் நின்று படிக்கிறவர் அவ்வளவு தூரம் போகமாட்டார். அங்கே போய்ச் சேர்ந்தாலும் இருப்பது "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்". யாரை யார் கேட்கிறார்கள்?

ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேலை. நேரே "நீங்கள்" என்று பேசுங்கள். நான் எழுதினால் இப்படி இருக்கும்:

1. மார்ச் 14, வெள்ளி: வகுப்பு அருங்காட்சியகம் போகிறது.
2. படிவத்தில் கையெழுத்து போட்டுக் கொடுங்கள். கடைசி நாள் மார்ச் 12, புதன்.
3. கையெழுத்து இல்லாவிட்டால் பிள்ளை போக முடியாது. அன்று பள்ளியில் இருக்கலாம்.
4. காலை 8.45-க்கு முன் பள்ளிக்கு வாருங்கள். பஸ் 9 மணிக்குக் கிளம்பும்.
5. மதியச் சாப்பாடு, தண்ணீர், மழைக்கோட்டு கொடுத்து அனுப்புங்கள்.
6. பணம் தர வேண்டாம்.

மூன்றாவதும் ஆறாவதும், நான்காவதில் பஸ் கிளம்பும் நேரமும் உங்கள் வாக்கியத்தில் இல்லை, ஆங்கிலத்திலும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். டீச்சரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, இரண்டு பக்கமும் சேர்க்கச் சொல்லுங்கள். புதிதாக வந்த குடும்பத்துக்கு முதலில் எழும் கேள்விகள் இவைதான்.

"புதனுக்குள்" என்பதையும் விட்டுவிட்டேன். புதன் அன்று கொடுக்கலாமா, செவ்வாயோடு முடிந்ததா என்று அதில் தெளிவில்லை. "கடைசி நாள்" என்றால் சந்தேகம் இல்லை. தேதியில் மாதத்தை எண்ணால் எழுத வேண்டாம். 3/4 என்றால் சிலருக்கு மார்ச் 4, சிலருக்கு ஏப்ரல் 3.

கதிர்:
என் அனுபவம் சொல்கிறேன். பையன் இரண்டு வருஷமாக வீட்டிலும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறான். இப்படி மடல் வந்தால் அவனைத் தமிழில் வாசிக்க வைக்கலாம். அதனால் கொஞ்சம் நல்ல சொற்களாகப் போடுங்கள், பஸ் என்று எழுதாமல் பேருந்து என்று. வார இறுதித் தமிழ் வகுப்பு பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

வாசுகி:
கதிர் தம்பி, அந்த ஆசை எனக்கும் உண்டு, அதற்குத் தனியாக ஒரு கேள்வி போடுங்கள், நிறையப் பேர் பதில் சொல்வார்கள். இந்த மடல் பிள்ளை படிக்க அல்ல, பெற்றோர் படித்து அன்றைக்கே ஒரு காரியம் செய்ய. பேருந்து எல்லோருக்கும் புரியும், தாராளமாகப் போடலாம். ஆனால் பள்ளியில் தினம் காதில் விழும் பெயர்களை மாற்றாதீர்கள். பிள்ளை வீட்டுக்கு வந்து "ரீடிங் ஃபோல்டர்" என்று சொல்லும்போது மடலில் "வாசிப்புக் கோப்புறை" என்று இருந்தால், இரண்டும் ஒன்றுதான் என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? "ரீடிங் ஃபோல்டர்" என்றே தமிழ் எழுத்தில் எழுதி, முதல் தடவை மட்டும் "பிள்ளை தினமும் கொண்டுவரும் நீலப் பை" என்று ஒரு வரி சேருங்கள்.

தர்ஷினி:
எங்கள் வீட்டில் இலங்கைத் தமிழ். ஒரு விஷயம் கவனியுங்கோ. உங்கள் வகுப்புத் தமிழ்க் குடும்பங்களில் எங்கள் ஆட்களும் இருக்கலாம். போன வருஷம் எங்கள் மகனின் மடலில் "அடுத்த கிழமை விளையாட்டு விழா" என்று நான் எழுதிவிட்டேன். எங்களுக்குக் கிழமை என்றால் வாரம். இந்தியாவிலிருந்து வந்த ஒரு அம்மா, எந்தக் கிழமை என்று எழுத மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். அன்றிலிருந்து "கிழமை" என்ற சொல்லையே விட்டுவிட்டேன், தேதியும் வெள்ளி, சனி என்ற பெயரும் மட்டும்தான். மாலைக்கு நாங்கள் சொல்லும் "பின்னேரம்" என்று எழுதாமல் மணியைப் போடுகிறேன். காலணியைச் சப்பாத்து என்போம், பாட்டிலைப் போத்தல் என்போம், அந்த மாதிரிச் சொற்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படம் வைத்தால் போதும், அது மற்ற மொழிக்காரருக்கும் உதவும்.

நிலா அம்மா:
தர்ஷினி அக்கா, ஐந்தில் இரண்டு குடும்பம் இலங்கைதான். எனக்கு இது தோன்றவே இல்லை, நன்றி.

வாசுகி அக்கா, அடுத்த மடலில் இரண்டு வரி எனக்கு உதைக்கிறது. பெயின்ட் வேலை இருக்கும் நாளில், அழுக்கானாலும் பரவாயில்லாத உடை அணிவது விரும்பத்தக்கது என்கிறார் டீச்சர். இன்னொன்று, பிள்ளைகள் ஒரு பொம்மை கொண்டுவரலாம் என்கிறார்.

வாசுகி:
முதலாவது: "மார்ச் 25, செவ்வாய்: பழைய துணி போட்டு அனுப்புங்கள். பெயின்ட் படும்." காரணத்தைப் பின்னால் தனியாகச் சொன்னால் போதும், "விரும்பத்தக்கது" எல்லாம் வேண்டாம்.

இரண்டாவதை மொழிபெயர்க்கும் முன் டீச்சரிடம் கேளுங்கள். "கொண்டுவரலாம்" என்று மட்டும் எழுதினால், எல்லாப் பிள்ளையும் கொண்டுவரும், நம் பிள்ளை மட்டும் வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்று ஒரு அப்பா வேலை முடிந்து கடைக்கு ஓடுவார். கட்டாயம் இல்லை என்றால் "விருப்பம் இருந்தால் ஒரு பொம்மை கொடுத்து அனுப்புங்கள். கட்டாயம் இல்லை" என்று போடுங்கள்.

உங்களுக்குச் சந்தேகம் வந்த இடத்தில் ஆங்கிலமும் தெளிவாக இருக்காது. அதை டீச்சர் ஆங்கிலத்திலேயே உடைத்து எழுதினால், தமிழும் ஆங்கிலமும் வீட்டு மொழியாக இல்லாத குடும்பங்களுக்கும் நல்லது. அவர்கள் ஆங்கிலப் பக்கத்தைத்தானே தட்டுத் தடுமாறிப் படிக்கிறார்கள். நான் எப்போதும் டீச்சரோடு பத்து நிமிஷம் உட்கார்ந்து, முதலில் ஆங்கிலத்தைச் சுருக்கிவிட்டுத்தான் தமிழைத் தொடுவேன்.

எழுதி முடித்த பிறகு ஆங்கிலப் பக்கத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழை மட்டும் கொடுத்து, "நீங்கள் என்ன செய்ய வேண்டும், எப்போது?" என்று கேளுங்கள். "புரிகிறதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள்.

அன்வர்:
அச்சு வேலை எனக்குத் தெரியும், அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நீங்கள் சரியாக அனுப்பிய தமிழ், டீச்சரின் கணினியில் வேறு மென்பொருளில் ஒட்டும்போது உடையலாம். "வெள்ளி" என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழும், அல்லது வெறும் கட்டங்கள் வரும். தமிழ் படிக்கத் தெரியாதவருக்கு அது கண்ணில் படாது. யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள், Noto Sans Tamil போன்ற ஒரு எழுத்துருவைச் சொல்லிவிடுங்கள், அனுப்பும் முன் கடைசிப் பிரதியை உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். அதில் "வெள்ளி", "கொடுங்கள்" இரண்டையும் பாருங்கள், உடைந்தால் அங்கேதான் முதலில் தெரியும். தமிழ் ஆங்கிலத்தைவிட இடம் அதிகம் பிடிக்கும். எழுத்தைச் சிறிதாக்கி அடைக்க வேண்டாம், ஒரு செய்தியைக் குறையுங்கள்.

செல்வி:
எங்கள் வீட்டில் பேரனைக் கூட்டிவருவது என் மாமியார். தமிழ் நன்றாகப் பேசுவார், எழுத்து கூட்டிப் படிக்க வராது. அவருக்காக எங்கள் வகுப்பு அம்மா ஒருவர் மடலைக் குரலில் பதிந்து அனுப்புகிறார். முழு மடல் ஒன்றரை நிமிஷம்தான். "ஒன்று", "இரண்டு" என்று எண்ணைச் சொல்லி வாசிப்பதால், எனக்குச் சந்தேகம் வந்தால் தாளில் அதே எண்ணைப் பார்த்துக்கொள்வேன்.

சேது:
வாசலில் விரல் வைத்துக் காட்டுவது பற்றி நான் யோசிக்கவில்லை, எண் போடுவது சரிதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். எல்லாமே "கொடுங்கள், வாருங்கள், போடுங்கள்" என்று வந்தால் அதட்டுவது போல இல்லையா? வரிக்கு ஒரு "தயவுசெய்து" வேண்டாமா?

வாசுகி:
"-உங்கள்" என்பதிலேயே மரியாதை இருக்கிறது. நான் மடலின் தொடக்கத்தில் "அன்புள்ள பெற்றோருக்கு" என்று ஒரு வரி போடுவேன், முடிவில் நன்றி. சிலர் "அனுப்பவும்" என்று எழுதுகிறார்கள், எனக்கு அதுதான் அலுவலகச் சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது.

தர்ஷினி:
எங்கள் பெரியவர்கள் சிலருக்கு "அனுப்பவும்" தான் மரியாதை. அவர்களிடமே கேட்டுப் பாருங்கோ.

வாசுகி:
அதுவும் சரி. நிலா அம்மா, கடைசியாக ஒன்று. தனிப் பிள்ளையின் உடல்நலம், நடத்தை, ஒரு குடும்பத்தின் கட்டணப் பாக்கி பற்றிய கடிதத்தை மொழிபெயர்க்கச் சொன்னால் ஏற்காதீர்கள். மற்ற பெற்றோர் அதைப் படிக்கவே கூடாது. தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைப் பள்ளிதான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

நிலா அம்மா:
நாளைக்கு டீச்சரைப் பார்க்கிறேன். பள்ளியிலேயே இருந்த பிள்ளையின் அம்மாவிடம் புது வடிவத்தைப் படிக்கக் கொடுத்தேன். "ரெண்டாவதுதான் முக்கியம், புதன்கிழமைக்கு முன்னாடி கையெழுத்து" என்றார். "புதன் அன்றைக்கே கொடுத்தால்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கடைசி நாள்னு இருக்கே, அன்னைக்கும் கொடுக்கலாம்" என்றார். இனிக் கடைசி நாள் போடும் இடத்தில் எல்லாம் "அன்றும் வாங்கிக்கொள்வோம்" என்று சேர்ப்பேன். ஆங்கிலப் பக்கத்திலும் அதைப் போடச் சொல்லப் போகிறேன்.